‘சொல்லியாச்சு’ என்றால் யார், யாரிடம்? ஒரு ஹேண்டோவர் குறிப்பின் நிகழ்வு ஆய்வு

இரவு ஷிப்ட் முடிய 20 நிமிடம் இருக்கும்போது அவசரமாகத் தட்டிய எட்டு வரிகளைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம். இடம், ஓர் இணையச் சேவையின் சர்வர்களைக் கண்காணிக்கும் ஆபரேஷன்ஸ் மேசை. வியாழன் 22:00க்குத் தொடங்கிய ஷிப்ட் வெள்ளி 06:00க்கு முடிகிறது. நிகழ்வு விளக்கத்துக்காகக் கட்டியது. கோளாறுகள் மட்டும் இந்த வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி பார்ப்பவை.

05:40க்கு இரவு ஆபரேட்டர் எழுதியது இது. டிபி2 என்பது அங்குள்ள தரவுத்தளச் சர்வர்:

> டிபி2 டிஸ்க் 91. பழைய லாக் அழிச்சாச்சு, குறையல
> 2.10க்கு அலாரம், மறுபடியும் வந்துச்சு. மியூட் பண்ணிருக்கு
> பேக்கப் ஓடல. டிஸ்க்தான் காரணம்னு நினைக்கிறேன். காலைல ஓட்டணும்
> டிபி டீமுக்கு சொல்லியாச்சு, பாக்குறேன்னாங்க
> கஸ்டமர் ஒருத்தர் ரிப்போர்ட் வரலன்னு கால். 8 மணிக்கு திரும்ப பேசணும்
> இப்போதைக்கு ரீஸ்டார்ட் பண்ணக் கூடாது
> சர்ட்டிபிகேட் விஷயம் நாளைக்கு
> மத்தபடி ஓகே

எழுதியவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் உள்ள எட்டு மணி நேரம் அவர் தலையில் இருக்கிறது. காலை ஆபரேட்டரிடம் இருப்பது இந்த வரிகள் மட்டும்.

இதைச் சீர்படுத்தச் சொன்னால் பலரும் செய்வது, பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கி, புள்ளியிட்டு வரிசைப்படுத்துவது. ‘லாக் கோப்புகள் அழிக்கப்பட்டன. அலாரம் மியூட் செய்யப்பட்டுள்ளது. தரவுத்தளக் குழுவுக்குத் தெரிவிக்கப்பட்டது.’ பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மூல வரிகளில் இல்லாத எதுவும் இதிலும் இல்லை. ‘ஆச்சு’ போய் ‘பட்டது’ வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டைக்கு மேல் வர்ணம் அடித்த மாதிரி. இது ஒரு வகையில் மூலத்தைவிட மோசம். அரைகுறைக் குறிப்பைப் படிப்பவர் சந்தேகத்தோடு படிப்பார். சுத்தமாக எழுதியதை நம்பிவிடுவார்.

தமிழில் இந்த ஓட்டைக்கு ஒரு தனி வசதி உண்டு. ‘சொன்னேன்’ என்றால் ஆள் தெரிகிறது. ‘சொல்லியாச்சு’ என்றால் வேலை முடிந்தது தெரிகிறது, ஆள் மறைந்துவிடுகிறார். ‘மியூட் பண்ணிருக்கு’ என்பதிலும் அப்படித்தான். ‘ஓட்டணும்’, ‘பேசணும்’ என்பவற்றில் யார் ஓட்டணும், யார் பேசணும் என்பது இல்லை. வீட்டுப் பேச்சில் இது நயம். அதிகாரமாகச் சொல்லாமல் வேலையைச் சொல்லும் வழி. ஷிப்ட் மாறும் இடத்தில் மட்டும் இதே நயம் பொறுப்பைக் காற்றில் விட்டுவிடும். ஆகவே ஷிப்ட் பொறுப்பாளர் முதலில் பார்த்தது வினைமுற்றுகளை. ஆச்சு, இருக்கு, அணும், கூடாது என்று முடியும் ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டார். எட்டு வரியில் ஆறு கோடு விழுந்தது. பிறகு ஆபரேட்டர் பையை எடுப்பதற்கு முன் உட்கார வைத்துக் கேட்டார்.

“தம்பி, எதை ரீஸ்டார்ட் பண்ணக் கூடாது?”

“டிபியைத்தான்ணா. இண்டெக்ஸ் திரும்பக் கட்டிட்டு இருக்கு. நடுவுல நிறுத்தினா முதல்லேர்ந்து ஓடணும். ஏழு மணிக்கு முடிஞ்சிடும்.”

“ரிப்போர்ட் சர்வீஸ்?”

“அதைப் பண்ணலாம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

இந்தப் பதில்கள் குறிப்பில் இல்லை. இல்லாததால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு டிஸ்க் விஷயத்துக்குப் போகவேண்டும்.

லாக்கை அழித்தும் இடம் குறையாததற்கு லினக்ஸில் பழக்கமான காரணம் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் கோப்பை `rm` கொண்டு அழித்தால் பெயர் மட்டும்தான் போகும். அந்தப் புரோகிராம் கோப்பை மூடும்வரை இடம் திரும்பாது. அதைவிட, புரோகிராம் அதே கண்ணுக்குத் தெரியாத கோப்பில் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கும். அறிகுறி எளிது: டிஸ்க்கில் நிரம்பிய அளவு என்று `df` காட்டும் எண்ணும், கோப்புகளை எண்ணிக் கூட்டும் `du` காட்டும் எண்ணும் பெரிதாக வேறுபடும். எந்தப் புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது என்பதை மூன்றாவது கட்டளை சொல்லும்.

```
df -h /var
sudo du -sh /var
sudo lsof +L1
```

அழித்தது ‘பழைய’ லாக் அல்ல என்பதும் கேட்டபோதுதான் தெரிந்தது. `report.log` என்ற, அப்போதும் எழுதப்பட்டுக்கொண்டிருந்த 30 ஜிபி கோப்பு அது. ரிப்போர்ட் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும். ‘ரீஸ்டார்ட் பண்ணக் கூடாது’ என்ற வரியை காலை ஆபரேட்டர் அகலமாக எடுத்துக்கொண்டால் எதையும் தொடமாட்டார், டிஸ்க் நிரம்பும். ‘ரிப்போர்ட் பற்றிய வரிக்கு அடுத்து வருகிறதே, அதைச் சொல்கிறார் போலிருக்கிறது’ என்று குறுக்கமாக எடுத்துக்கொண்டால் டிபியை ரீஸ்டார்ட் செய்யக்கூடும். ஒரே ஒரு செயப்படுபொருள் இல்லாததால் இரண்டு பக்கமும் பள்ளம். தடை விதிக்கும் வரிக்கு மூன்று வேண்டும்: எதை, ஏன், எதுவரை. ‘இப்போதைக்கு’ என்பது எதுவரை என்பதற்குப் பதில் ஆகாது.

அடுத்தது எண். ‘91’ என்று மட்டும் இருந்தால் அது நிம்மதியா நெருப்பா என்று சொல்லமுடியாது. ஒரு வாரமாக 91இலேயே நிற்கும் டிஸ்க்கும் உண்டு. கண்காணிப்புத் திரையிலிருந்து இரண்டு அளவுகள் கிடைத்தன: 02:10க்கு 85%, 05:20க்கு 91%. மூன்று மணி பத்து நிமிடத்தில் 6 புள்ளி, அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 1.9. மிச்சம் 9 புள்ளி இருப்பதால் 10:00 வாக்கில் நிரம்பும். 95% என்ற இரண்டாம் அலாரம் எல்லையை 07:30 சுமாருக்குத் தொடும். பகலில் வேலை கூடினால் இன்னும் சீக்கிரம். நேரத்தோடு இரண்டு எண் இருந்தால் காலக்கெடு கிடைக்கும் என்பதால், ஏறுவதோ இறங்குவதோ எதுவானாலும் ஹேண்டோவரில் ஒற்றை எண்ணை ஏற்பதில்லை.

அந்தக் காலக்கெடுவை வைத்துப் பார்க்கும்போதுதான் இரண்டாவது வரியின் விஷம் தெரிந்தது. மியூட் செய்தது 05:15க்கு, நான்கு மணி நேரத்துக்கு. அதாவது 09:15 வரை. 07:30க்கு வரவேண்டிய 95% அலாரம் வராது. காலை ஆபரேட்டர் அமைதியான திரையைப் பார்த்து, ‘மத்தபடி ஓகே’ என்பதையும் படித்து, வேறு வேலைக்குப் போயிருப்பார். மற்ற வரிகள் சர்வரின் நிலையைச் சொல்கின்றன. இந்த ஒரு வரி, அடுத்தவருக்குக் கண் தெரியுமா தெரியாதா என்பதைச் சொல்கிறது. மியூட் செய்த அலாரம், கையால் நிறுத்திய தானியங்கி வேலை, தற்காலிகமாகத் திறந்துவிட்ட அனுமதி போன்றவை செய்தியின் முதல் வரிக்குப் போகவேண்டும், பிரச்சினை சின்னதாக இருந்தாலும்.

வேறு துறையில் இதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். இரவு ஷிப்ட் கோபுரத்தில் திரவத்தை ஏற்றத் தொடங்கி நிறுத்தியிருந்தது. பகல் ஷிப்ட்டுக்குக் குறிப்பேட்டில் கிடைத்தது ஒரு வரி. எந்தெந்தக் குழாய், எந்தக் கலன் நிரம்பியிருக்கிறது என்பது அதில் இல்லை. விபத்துக்குக் காரணங்கள் பல; விசாரணை எண்ணிய குறைகளில் அந்த ஷிப்ட் மாற்றமும் ஒன்று.

பேக்கப் வரிக்கு வருவோம். ‘ஓடல’ என்பது இரண்டு நிலையைக் குறிக்கலாம்: தொடங்கவே இல்லை, அல்லது தொடங்கி நின்றுவிட்டது. கேட்டதில், 03:00க்குத் தொடங்கி 03:04க்கு நின்றிருக்கிறது. ஏன் என்று பேக்கப் லாக்கைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டால், ‘இல்லண்ணா, டிஸ்க் அலாரம் அடிச்சுட்டு இருந்துச்சு, அதான் இருக்கும்னு...’ என்றார். ஊகம் தவறல்ல. ‘நினைக்கிறேன்’ என்று அவர் நேர்மையாகத்தான் எழுதியிருந்தார். சீர்படுத்தும்போதுதான் அந்தச் சொல் காணாமல் போகும். ‘டிஸ்க் நிரம்பியதால் பேக்கப் தோல்வி’ என்று எழுத எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது! அந்த நேரத்தில் டிஸ்க் கணக்குப்படி 87% அளவில்தான் இருந்தது. 200 ஜிபியில் 26 ஜிபி காலி. அது பேக்கப்புக்குப் போதாமலும் இருக்கலாம், காரணம் வேறாகவும் இருக்கலாம். எனவே செய்தியில் ‘காரணம் பார்க்கவில்லை, டிஸ்க் என்பது என் ஊகம்’ என்றே போனது. ‘இருக்கும்’, ‘போலிருக்கு’, ‘னு நினைக்கிறேன்’, ‘ஆம்’ என்று முடியும் வரிகளை எழுத்து வழக்குக்கு மாற்றும்போது கொஞ்சம் கை நடுங்கவேண்டும்.

‘காலைல ஓட்டணும்’ என்பதில் ஒரு வரிசையும் மறைந்திருந்தது. இந்த பேக்கப் முதலில் /var-இல் தற்காலிகக் கோப்பு எழுதி, பிறகு பகிர்வு சேமிப்பகத்துக்கு நகர்த்தும். 91%இல் அதை ஓட்டினால் 10:00 மணி வரை தாங்கவேண்டிய டிஸ்க் அதற்கு வெகுமுன்னே நிரம்பும். இடம் திரும்பிய பிறகுதான் பேக்கப். வேலைகளுக்கிடையே முன்பின் இருந்தால் அதை எண்ணிட்டு எழுதவேண்டும். தனித்தனிப் புள்ளிகளாக வைத்தால் படிப்பவர் சுலபமானதிலிருந்து தொடங்குவார்.

‘டிபி டீமுக்கு சொல்லியாச்சு’ என்பதன் பின்னால் இருந்தது: 05:05க்குக் குழு அரட்டையில் ஒரு செய்தி, 05:10க்கு ஆன்கால் பொறியாளர் ஒருவரிடமிருந்து ‘பார்க்கிறேன்’, அதன் பிறகு ஒன்றுமில்லை. டிக்கெட் எழுப்பவில்லை. ‘பார்க்கிறேன்’ என்பது பதில், பொறுப்பேற்பு அல்ல. அவர் தூக்கத்தில் எழுந்து தட்டிவிட்டுத் திரும்பப் படுத்திருக்கவும் கூடும்.

‘நாளைக்கு’ என்ற சொல்லுக்கு மட்டும் தனியாக ஒரு நிமிடம் போனது, போகவும் வேண்டும். வியாழன் இரவு வேலைக்கு வந்தவருக்கு, தூங்கி எழும்வரை அது வியாழன்தான். அவர் சொன்ன ‘நாளைக்கு’ வெள்ளி. வெள்ளி காலையில் புதிதாக வருபவருக்கு ‘நாளைக்கு’ என்றால் சனி. சர்ட்டிபிகேட் காலாவதி வெள்ளியா சனியா? ஞாபகத்தை நம்பாமல் பார்த்தார்கள்.

```
openssl x509 -noout -enddate -in site.crt
```

வெள்ளி என்று வந்தது, அதுவும் 12:30 GMT. இந்தக் கட்டளை நேரத்தை GMT-யில்தான் காட்டும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றியபோது வெள்ளி 18:00. ‘நாளைக்கு’ என்றே போயிருந்தால் மாலை ஆறு மணிக்குத் தளம் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டத் தொடங்கியிருக்கும். இரவு ஷிப்ட் ஹேண்டோவரில் இன்று, நேற்று, நாளை மூன்றும் தடை. கிழமையும் 24 மணி நேரக் கணக்கில் மணியும்தான்.

கேள்விகளுக்கு ஏழு நிமிடம், எழுத எட்டு நிமிடம். இரவு ஆபரேட்டர் பெயரிலேயே போன செய்தி கீழே. உண்மையில் ஆட்களின் பெயரும் எண்ணும் இருக்கவேண்டிய இடங்களில் இங்கே பொறுப்பை மட்டும் வைத்திருக்கிறோம்.

> வெள்ளி 06:00, இரவிலிருந்து காலை ஷிப்ட்டுக்கு
>
> முதலில் இது: db2-வின் /var டிஸ்க் அலாரத்தை 05:15க்கு மியூட் செய்தேன். 09:15 வரை சத்தம் வராது. டிஸ்க்கைக் கையால்தான் பார்க்கவேண்டும்.
>
> தடை: db2-வில் டிபியை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். இண்டெக்ஸ் மறுகட்டுமானம் ஓடுகிறது. 07:00க்கு முடியும் என்று எதிர்பார்ப்பு. ரிப்போர்ட் சர்வீஸுக்கு இந்தத் தடை இல்லை.
>
> 1. db2 /var நிரம்புகிறது (அவசரம்)
> 02:10க்கு 85%, 05:20க்கு 91%. இதே வேகத்தில் 07:30 சுமாருக்கு 95%, 10:00 வாக்கில் முழுதாக நிரம்பும். 04:50க்கு report.log-ஐ (30 ஜிபி) rm செய்தேன், இடம் திரும்பவில்லை. ரிப்போர்ட் சர்வீஸ் அதை இன்னும் பிடித்திருக்கலாம், நான் சரிபார்க்கவில்லை.
> நீங்கள் செய்யவேண்டியது: lsof +L1 பார்த்து, அதுதான் என்றால் ரிப்போர்ட் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 06:30க்குள்.
> டிபி குழு: 05:05க்கு அரட்டையில் சொன்னேன், 05:10க்கு ஆன்கால் பொறியாளர் ‘பார்க்கிறேன்’ என்றார். பிறகு பேச்சில்லை, டிக்கெட்டும் இல்லை. 06:15 வரை பதில் வராவிட்டால் அவரைப் போனில் அழையுங்கள்.
>
> 2. பேக்கப் இல்லை
> 03:00க்குத் தொடங்கி 03:04க்கு நின்றது. கடைசியாகச் சரியாக முடிந்தது வியாழன் 03:00 ஓட்டம். காரணம் பார்க்கவில்லை, டிஸ்க் என்பது என் ஊகம். முதல் வேலை முடிந்த பிறகு, லாக்கைப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.
>
> 3. வாடிக்கையாளர் அழைப்பு
> ரிப்போர்ட் வரவில்லை என்று 04:20க்கு ஒருவர் அழைத்தார். காலை 08:00க்குத் திரும்ப அழைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அழைக்கவேண்டியது நீங்கள். டிக்கெட்டில் விவரம் இருக்கிறது. (முதல் வேலையும் ரிப்போர்ட் சர்வீஸ்தான். தொடர்பு உண்டா தெரியாது.)
>
> 4. சர்ட்டிபிகேட்
> வெள்ளி 18:00க்குக் காலாவதி. புதியது வந்துவிட்டது, போடவில்லை. மதியத்துக்குள் நீங்கள் போடவேண்டும்.
>
> பார்த்தவை: 05:30க்கு மற்ற சர்வர்களின் அலாரப் பட்டியல் காலி. db1-ஐயும் வலைச் சர்வர்களையும் தனியாகத் திறந்து பார்க்கவில்லை.

செய்தியின் 3ஆம் எண்ணில் அடைப்புக்குறிக்குள் இருப்பது இந்த வேலையின் எதிர்பாராத லாபம். நினைவுக்கு வந்த வரிசையில் எழுதிய குறிப்பில் டிஸ்க் முதல் வரியிலும் வாடிக்கையாளர் ஐந்தாம் வரியிலும் இருந்தார்கள். இரண்டும் ஒரே சர்வீஸ் என்பது எழுதியவருக்கே தோன்றவில்லை. பொருள் வாரியாக எடுத்து வைத்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. தொடர்பு கண்ணில் பட்டாலும் அதைக் கேள்வியாகத்தான் விட்டார்கள்.

‘மத்தபடி ஓகே’ போன இடத்தையும் பாருங்கள். பார்த்தது எது, பார்க்காதது எது என்று ஆகிவிட்டது. மூலக் குறிப்பின் எட்டு வரிகளை அழிக்காமல் செய்தியின் அடியில் அப்படியே ஒட்டினார்கள். சீர்படுத்துபவர் ஒரு வரியைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அதைப் பிடிக்க வேறு வழியில்லை.

செய்தி நீளம்தான், ஆட்சேபம் நியாயமானது. திறந்து கிடக்கும் வேலை ஏழு எட்டைத் தாண்டினால் இந்த வடிவம் தாங்காது. அப்போது விவரங்கள் டிக்கெட்டுக்குப் போய், செய்தியில் மியூட், தடை, நேரக்கெடு உள்ளவை மட்டும் நிற்கவேண்டும்.

அனுப்பியதோடு ஹேண்டோவர் முடியவில்லை. மருத்துவமனைகளில் பயன்படும் ஐ-பாஸ் என்ற ஒப்படைப்பு முறையில் கடைசி எழுத்து, பெற்றுக்கொள்பவர் தன் சொல்லில் திருப்பிச் சொல்வதைக் குறிக்கிறது. இங்கும் காலை ஆபரேட்டர் படித்துவிட்டு வாய்விட்டுச் சொன்னார்: “அலாரம் ஊமை, டிபியைத் தொடக்கூடாது, முதல்ல ரிப்போர்ட் சர்வீஸ், அப்புறம் பேக்கப், எட்டு மணிக்கு கால், மதியத்துக்குள்ள சர்ட்டிபிகேட்.” பிறகு ஒரு கேள்வி கேட்டார். “ரீஸ்டார்ட் பண்ணினா அந்த லாக் மொத்தமா போயிடுமேப்பா. ஏன் 30 ஜிபி ஆச்சுங்கிறது அதுலதானே இருக்கும்?”

அது மற்ற இருவருக்கும் தோன்றவில்லை. பெயர் போனாலும் புரோகிராம் பிடித்திருக்கும்வரை அந்தக் கோப்பைப் படிக்கமுடியும். `lsof` காட்டும் PID-யையும் FD எண்ணையும் போட்டு,

```
sudo tail -n 200 /proc/PID/fd/FD
```

என்று கடைசி 200 வரியை எடுத்து வைத்துக்கொண்டு, 06:20க்கு ரிப்போர்ட் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தார்கள். டிஸ்க் 93%இலிருந்து 75%க்கு இறங்கியது. மியூட்டை உடனே எடுத்தார்கள். எடுத்து வைத்த 200 வரியும் கிட்டத்தட்ட ஒரே வரிதான், திரும்பத் திரும்ப: `Read-only file system`. ரிப்போர்ட்டுகளை எழுதும் பகிர்வு சேமிப்பகம் முந்தைய மாலையே எழுதமுடியாத நிலைக்குப் போயிருந்தது. எழுத முயன்று தோற்று, தோற்றதை லாக்கில் எழுதி, அதனால்தான் டிஸ்க் ஏறியது. 03:04க்கு நின்ற பேக்கப்பின் லாக்கைத் திறந்தபோது அதிலும் அதே வரி. பேக்கப் போய்ச் சேரும் இடமும் அந்தச் சேமிப்பகம்தான். டிஸ்க் பேக்கப்பை நிறுத்தவில்லை. 75%க்கு இறங்கிய டிஸ்க்கும் சேமிப்பகம் சரியாகும்வரை மறுபடி ஏறும் என்பதால், 06:40க்கு டிபி குழுவுக்குப் போகவிருந்த டிக்கெட்டைச் சேமிப்பகக் குழுவின் பெயருக்கு மாற்றி எழுப்பினார்கள்.